படைக்காத பானக்கம்

வினாயகமூர்த்திக்கு அம்மனில் பக்தி என்று ஊரில் சொல்வார்கள். அது பக்தியில்லை, பயம். காகித ஆலை நின்று போன பிறகு, காவல் வேலை, வட்டை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை என்று எதையெதையோ செய்துவிட்டு, கடைசியில் அம்மன் கோயில் மடைப்பள்ளிக்கு வந்து சேர்ந்த மனிதர். சாமிக்குச் சமைப்பது என்றால் புண்ணியம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவரோ ஒவ்வொரு சடங்குக்கும் முதல் நாளே பானைகளைத் திரும்பத் திரும்பக் கழுவ ஆரம்பித்துவிடுவார். மூக்கையும் வாயையும் வெள்ளைச் சீலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அடுப்புக்குக் கிட்டப் போவார். மூச்சுக்காற்றுக்கூடப் பட்டுவிடக் கூடாதே என்ற பயம். உப்புச் சரியா, இனிப்புச் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது. அம்மனுக்கு முன்னால் அதை யாரும் ருசிக்கக் கூடாது. சரியாய்த்தான் வந்திருக்கும் என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இறக்க வேண்டியதுதான்.

அந்தக் கோயிலுக்கு ஊரும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், பரந்த வயல்வெளியின் நடுவில், ஒரு பெரிய வேம்புக்குக் கீழே தகரக் கூரையோடு இருக்கிறது. அறுவடை முடிந்து சடங்கு நடக்கும் நாளில் மட்டும் உழவு மெசினிலும் மோட்டார் சைக்கிளிலும் சனம் வந்து இறங்கும். சாமானெல்லாம் அவரவரே கொண்டுவர வேண்டும். ஏதாவது குறைந்தால் அணைக்கட்டைத் தாண்டித்தான் கடை.

இந்த வருசம் அப்படியொரு சடங்கு நாளில்தான் றமீஸ் வந்து நின்றார். காகித ஆலையில் இருவரும் ஒரே பகுதியில் கூழ் காய்ச்சியவர்கள். றமீஸ், முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். மகள் றிஸ்லாவின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர், வீட்டில் நண்பர் இல்லை, அவர் மனைவி அன்னப்பூரணி மட்டும்தான் என்றதும் விசாரித்துக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டார். புதுச் சேட்டும் அத்தர் மணமுமாய் வந்தவரைக் கண்டதும் வினாயகமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. மடைப்பள்ளிக்கு வெளியே, சுவரோரமாக நிழலில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார வைத்தார்.

“சோறு பத்தி யோசிக்காத மச்சான். அன்னப்பூரணிக்குப் போன் பண்ணிட்டன். வீட்டில சமைச்சு இப்பவே ஓட்டோவில கொண்டு வருவா,” என்றார்.

“கொண்டு வரட்டும். விடிய ஊசி போட்டுட்டுத்தான் வந்த நான். எனக்கு இப்ப சீனி வருத்தம், நீரிழிவு, தெரியுந்தானே? நேரம் பிந்தினா உடம்பு ஒரு மாதிரி ஆகிரும்.” றமீஸ் சேட்டுப் பொக்கட்டைத் தடவிப் பார்த்தார். “எப்பவும் டொபி வெச்சிரிப்பன். பாத்தியா, சேட்ட மாத்தினதில அதையும் மறந்திட்டன்.”

சடங்கு நாளின் ஓட்டத்தில் அந்தச் சொல் வினாயகமூர்த்தியின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. பானக்கத்துக்கு வெல்லச் சர்க்கரை கரைத்து வடிகட்டி, தேசிக்காய் பிழிந்து, இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டு, பெரிய பித்தளைப் பானையை வாழையிலையால் மூடிவிட்டு வாசலுக்கு வந்தார். வாய்ச்சீலையைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு நண்பனுக்குப் பக்கத்தில் குந்தினார். உள்ளே பூசாரியார் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டிருந்தார். பறை மெல்ல முழங்கத் தொடங்கியிருந்தது.

“அந்தத் திரைச் சீலை ஏன் மச்சான்? உள்ளுக்கு என்ன நடக்குது?” என்று கேட்டார் றமீஸ்.

“அம்மனை அலங்கரிக்கிறாங்க. பிறகு நைவேத்தியம். அதுக்குப் பிறகுதான் திரை திறக்கும், தரிசனம்.”

“இந்தச் சொல்லெல்லாம் சின்னனில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன். தரிசனம், பிரசாதம், ஆராத்தி. ஒண்டுக்கும் சரியாப் பொருள் தெரியா. தரிசனம் எண்டா பாக்கிறதுதானே? பாக்கிறதுக்கு ஏன் இவ்வளவு பேர் வெயில்ல நிக்கணும்?”

“நாங்க பாக்கிறது மட்டுமில்லடா. அவ எங்களப் பாக்கிறதும் தரிசனந்தான். அதுதான் பெரிசு. அந்தத் திரை திறக்கிற நேரம் அவட கண்ணுல படணுமெண்டுதான் இந்த நெரிசல்.” சொல்லும்போதே வினாயகமூர்த்தியின் குரல் தாழ்ந்தது. “எனக்கெண்டா அந்த நேரம் தலை குனிஞ்சிரும். என்ன பிழை விட்டன் எண்டு அவவுக்குத் தெரியுமே.”

“ஆராத்தி?”

“திரை திறந்தோடன விளக்குக் காட்டுறது. முந்தி கர்ப்பக்கிருகம் கும்மிருட்டு. வெளிச்சத்தைச் சுத்திக் காட்டினாத்தானே முகமும் கையும் தெரியும்? முதல்ல அடுக்குத் தீபம். பிறகு அஞ்சு திரி வெச்ச பஞ்சாராத்தி. கடைசியில கற்பூரம். அந்தத் தட்டு வெளியில வரக்குள்ள சுவாலையில கையைக் காட்டிக் கண்ணில ஒத்திக்கொள்ளுறம். அவவைத் தொட்ட வெளிச்சம் எங்களையும் தொடட்டும் எண்டு. பிறகு விபூதி, தீர்த்தம், பிரசாதம்.”

“பிரசாதம் எண்டா படைச்ச சோறு.”

“சோறில்ல.” வினாயகமூர்த்தி விரலை ஆட்டினார். “பிரசாதம் எண்டா அருள். மனம் தெளிஞ்சு குளிர்ந்து தாறது. விபூதியும் பிரசாதந்தான், பூவும் பிரசாதந்தான். இப்ப நான் பானக்கம் கரைச்சு வெச்சிரிக்கன். அது இன்னும் பிரசாதமில்ல. உள்ளுக்குக் கொண்டு போய் வெச்சு, தண்ணியால சுத்தி, மணி அடிச்சு, ‘தாயே, கொண்டு வந்திரிக்கம்’ எண்டு அறிவிக்கணும். அந்த அறிவிப்புத்தான் நைவேத்தியம். அவ பார்வையால எடுப்பா. அதுக்குப் பிறகு வெளியில வாறதுதான் பிரசாதம்.”

றமீஸ் சிரித்தார். “போகக்குள்ளயும் அதே பானை, வரக்குள்ளயும் அதே பானை. என்ன மாறிச்சு?”

“உரிமை மாறிச்சு. போகக்குள்ள எங்கட. வரக்குள்ள அவட. அவ எங்களுக்குத் தாறா.”

றமீஸ் நண்பனின் முழங்காலில் கையை வைத்தார். “கோவிக்காத மச்சான். அதுதான் எங்களுக்குக் கூடாது. படைச்சவன் பேருக்கு அல்லாம வேற பேருக்குப் படைச்சதை நான் வாயில வெக்கேலா. ஒண்ட வீட்டில எத்தினை நாள் திண்டிருப்பன், அது வேற.”

“இதென்ன கதை? எனக்குத் தெரியாதா? படைச்ச ஒரு பருக்கையும் ஒனக்கு நான் தரமாட்டன். அம்மன் அறிய,” என்றார் வினாயகமூர்த்தி. அம்மன் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும். பழக்க தோசம், வாயில் வந்துவிட்டது.

அன்றைய சடங்குச் செலவை ஏற்ற உபயக்காரர் வந்து சேரப் பிந்திப்போனது. அன்னப்பூரணியின் ஓட்டோவையும் காணவில்லை. அணைக்கட்டில் உழவு மெசினொன்று புதைந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். வினாயகமூர்த்தி மறுபடி வாய்ச்சீலையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அர்ச்சனைத் தட்டுகளும் பழக்குலைகளும் திரைக்குள்ளே போயாயிற்று. பொங்கலும் போயாயிற்று. பானக்கப் பானை மட்டும்தான் மிச்சம். மணி அடித்தால் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பறை இப்போது உச்சத்துக்கு ஏறியிருந்தது.

அந்த நேரம் வாசலில் ஒரு கூச்சல். “வந்திட்டுது! வந்திட்டுது! அம்மன் வந்திட்டா!”

சடங்கு என்றால் யாருக்காவது உருவேறத்தான் செய்யும். வினாயகமூர்த்தி அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. ஆனால் எட்டிப் பார்த்தால், சனம் வளைத்து நின்றது றமீசைத்தான்.

றமீஸ் வாங்கிலிருந்து சரிந்து மண்ணில் இருந்தார். உடம்பெல்லாம் நடுக்கம். புதுச் சேட்டு தெப்பமாய் நனைந்திருந்தது. வாய் என்னவோ குழறியது. யாரோ அவர் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் வேப்பிலையால் முகத்தில் அடித்தார். விதுர்ஷா என்ற பெண், ஒரு கையில் கைபேசியைத் தூக்கிப் படம்பிடித்தபடி, மறு கையால் கும்பிட்டுக்கொண்டு அவர் முன்னால் முழங்காலில் நின்றாள். “தாயே, எங்கட இவருக்குக் கனடா விசா கிடைக்குமா? ஒரு சொல் சொல்லு தாயே!”

“ம்… ம்…” என்றார் றமீஸ்.

“கிடைக்குமாம்!” என்று சனம் குலவையிட்டது.

கிடைக்குமாம்! உயிர் போய்க்கொண்டிருக்கிற மனிதனிடம் விசா கேட்கிறார்கள், பாருங்கள். ஆனால் அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்த மண்ணில் பறை முழங்கும்போது ஒருவர் நடுங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வினாயகமூர்த்திக்கும் ஒரு கணம் அதுதான் தோன்றியது. என்னுடைய பிழையால்தான், நான் செய்த சத்தியத்தால்தான், அவள் இவனில் இறங்கிவிட்டாளோ என்று கும்பிடக் கையும் எழுந்துவிட்டது.

பிறகுதான் றமீசின் கைகளைப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு உருவேறியதைப் பார்த்தவர் அவர். உருவேறிய உடம்பு பறையோடு ஆடும். தாளம் ஏறினால் ஏறும், நின்றால் நிற்கும். இந்தக் கைகளோ பறையைக் கேட்கவேயில்லை. தம்பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தன. கிட்டப் போய்க் கழுத்தைத் தொட்டார். வெயிலில் குளித்த சனத்தின் நடுவில் றமீஸ் மட்டும் சில்லென்று குளிர்ந்து கிடந்தார்.

விடிய ஊசி போட்டுட்டுத்தான் வந்த நான். நேரம் பிந்தினா உடம்பு ஒரு மாதிரி ஆகிரும்.

“சீனி! சீனி இறங்கிட்டு!” என்று கத்தினார். வாய்ச்சீலைக்குள் அது வெறும் முனகலாய்ப் போனது. பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினார். பறைக்கும் குலவைக்கும் நடுவில் யாருக்குக் கேட்கும்? “இனிப்பா ஏதாவது தாங்க! ஆரிட்டயாவது இரிக்கா?” எல்லாரும் விரதம். எல்லாரும் வெறுங்கை. வெள்ளைச் சீனி அம்மனுக்கு ஆகாது என்று அந்த மடைப்பள்ளியில் வைப்பதே இல்லை. சர்க்கரையை ஒரு துண்டு மிச்சமில்லாமல் அவரே கரைத்துவிட்டார்.

மடைப்பள்ளிக்குள் ஓடினார். அங்கே இரண்டே இரண்டு இனிப்புத்தான் இருந்தது. ஒன்று, காலைப் பூசையில் படைத்து வெளியே வந்த பஞ்சாமிர்தம், மூலையில் கிண்ணத்தில். அது பிரசாதம். எடுத்து ஊட்டினால் அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள். கொடுப்பதற்குத்தானே வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் றமீசின் மார்க்கமும் மன்னிக்கும் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார். ஆனால் அதை றமீஸ் சொல்ல வேண்டும். வாய் பேச முடியாதவனுக்கு வேண்டாமென்று சொன்னதை ஊட்டுவதா? சற்று முன்தானே முழங்காலில் கையை வைத்துச் சொன்னான்?

மற்றது பானக்கம். யாருக்கும் இன்னும் படைக்கவில்லை. றமீஸ் குடிக்கலாம். ஆனால் அம்மனுக்கு முன்னால் முதல் எடுத்தால் அந்தப் பானை முழுவதும் பாழ். வாய் கட்டி, மூச்சடக்கி, இத்தனை வருசம் பயந்து பயந்து காத்த ஒன்று. அதைத் தன் கையாலேயே உடைக்க வேண்டும்.

“தாயே, என்னத்த செய்தாலும் எனக்குச் செய்,” என்று சொல்லிக்கொண்டே வாழையிலையை விலக்கிச் செம்பைப் பானைக்குள் விட்டார்.

சனத்தை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், றமீசைச் சரித்துப் படுக்க வைத்தார். ஒரேயடியாய் ஊற்றினால் புரைக்கேறிவிடும். விரலை நனைத்து நனைத்து ஈறில் தடவினார். ஒன்றுமில்லை. மறுபடி தடவினார். ஒன்றுமேயில்லை. பிந்திவிட்டேனோ, செத்துப் போய்விடுவானோ, றிஸ்லாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. “டேய் றமீஸ், விழுங்குடா! என்ன விட்டுட்டுப் போகாதடா!”

தொண்டை அசைந்தது. துளித்துளியாய், பிறகு மிடறுமிடறாய் உள்ளே போனது. நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. கண் திறந்து எங்கோ பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது.

“என்னடா குடுத்த?”

“பானக்கம்.”

“படைச்சதா?”

“இல்லடா. அவ இன்னும் எடுக்கல்ல.”

றமீஸ் கண்ணை மூடினார். திரும்பவும் திறந்தார். “அப்ப ஒங்கட அம்மனுக்கு?”

அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. பானக்கத்துக்கான மணி.

பறை நின்றது. திரையை விலக்கிக்கொண்டு பூசாரியார் வெளியே வந்தார். மண்ணில் கிடந்த வாய்ச்சீலையையும் செம்பையும் பார்த்தார். “பானக்கம் எங்க, வினாயகம்?”

வினாயகமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் விதுர்ஷா முந்திக்கொண்டாள். “ஐயா, அம்மன்தான் வந்து குடிச்சிட்டாவே! இந்த ஆளில வந்து, எங்கட கண்ணுக்கு முன்னால வாங்கிக் குடிச்சவ! எல்லாத்தையும் வீடியோ எடுத்திட்டன். மிச்சத்தைப் பிரசாதமாத் தாங்க ஐயா!”

“ஓம், ஓம்! பிரசாதம்!” சனம் கையேந்தியது. இரண்டு பேர் றமீசின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். றமீஸ் காலை இழுத்துக்கொண்டார். அந்த முகத்தில் இருந்த பயத்தை வினாயகமூர்த்தி இதற்கு முன் கண்டதில்லை. செத்துப் பிழைத்தபோதுகூட அப்படி இருக்கவில்லை.

தப்பிக்க அருமையான வழி. பேசாமல் இருந்தால் போதும். பானக்கம் பாழாகவில்லை, குற்றம் இல்லை, மடைப்பள்ளியும் கையைவிட்டுப் போகாது. ஆனால் அந்த வீடியோ பேஸ்புக்கில் ஏறினால்? ஓட்டமாவடியில் பெண்ணின் கலியாணம். வாப்பாவில் அம்மன் ஏறினாவாம் என்று ஊர் ஊராய்ப் போகும். இரண்டு பக்கத்திலும் பகையை விசிறுவதற்கு ஆட்களா குறைவு? இவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, இப்படிக் கொல்வதா?

“அம்மன் வரல்ல,” என்றார். குரல் கிறீச்சிட்டது. “அம்மன் வரல்ல ஐயா! இவருக்குச் சீனி இறங்கினது. முதல் எடுத்தது நான். நான்தான் செம்பை விட்டன். அது பிரசாதமில்ல. படைக்காத பானக்கம். ஒருத்தரும் தொடாதீங்க!”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அறிவில்லையா, வயலுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, அம்மாள் வருத்தம் வந்து அம்மை போட்டால் என்ன செய்வது என்று ஆளுக்கொன்றாய் ஏசினார்கள். ஒவ்வொன்றும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததுதான். விதுர்ஷாவின் கைபேசி இன்னும் உயர்ந்தே இருந்தது.

றமீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். “தங்கச்சி, போடுறதெண்டா முழுசாப் போடுங்க,” என்றார். “இவர் சொன்னதையும் சேத்துப் போடுங்க.”

விதுர்ஷா கையைக் கீழே இறக்கினாள். “அப்ப விசா?” என்றாள், பாவம், சின்னக் குரலில்.

பூசாரியார் மடைப்பள்ளிக்குள் எட்டிப் பானையைப் பார்த்தார். பிறகு, “பானையை வேம்படியில ஊத்து. புளி போட்டு மினுக்கு. சர்க்கரைக்கு ஆள் அனுப்புங்க. புதுசாக் கரைச்சுப் படைக்கலாம்,” என்றார். “மற்றவை கரைக்கட்டும். இண்டைக்கு இனி நீ மடைப்பள்ளிக்குள்ள போகாத. திரை திறக்கக்குள்ள பின்னால நில். பிரசாதமும் கடைசியில எடு. மடைப்பள்ளிக் கதையைப் பிறகு பேசுவம்.”

“ஓம் ஐயா.”

அத்தனை சனமும் வெறும் வயிற்றோடு வெயிலில் காத்திருந்தது. சர்க்கரை வந்து, கரைத்து, படைத்து, மணி அடித்துத் திரை திறந்தபோது வினாயகமூர்த்தி எல்லாருக்கும் பின்னால், வேம்புக்குக் கீழே, இன்னும் ஈரம் காயாத மண்ணில் நின்றார். அடுக்குத் தீபம் ஏறி இறங்கியது. பஞ்சாராத்தி சுற்றியது. வழக்கமாய்க் குனிந்துவிடும் தலை இன்றைக்குக் குனியவில்லை. பயத்தில் குனியக்கூட மறந்துவிட்டார். தலைகளுக்கு மேலாலே, புகைக்கு நடுவிலே, முதன்முறையாக அவள் முகத்தை முழுதாய்ப் பார்த்தார். அவளும் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

கற்பூரத் தட்டு அவரிடம் வந்தபோது சுவாலை அணைந்து சூடு மட்டும் இருந்தது. அதில் கையைக் காட்டிக் கண்ணில் ஒத்திக்கொண்டார். பானக்கம் அவரிடம் வந்தபோது பானை காலி. பூசாரியார் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தால், அன்னப்பூரணி ஒருவாறு வந்து சேர்ந்து, வாங்கில் சோற்றுப் பார்சலை விரித்துவைத்து, உழவு மெசின்காரனை ஏழு தலைமுறைக்கும் ஏசிக்கொண்டிருந்தாள். றமீஸ் ஏற்கெனவே பாதி சாப்பிட்டுவிட்டார். மற்றப் பாதியை வாழையிலையோடு நண்பன் பக்கம் தள்ளினார்.

“விடியத் தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்கல்ல நீ. தின்னு,” என்றார். பிறகு தயங்கினார். “ஒருத்தருக்கும் படைக்காத சோறு. நான் கை வெச்சது. ஒனக்குக் கூடுமா?”

வினாயகமூர்த்தி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் கை வைத்தார். அவசரத்தில் முதல் கவளம் பாதி மண்ணில் சிந்தியது. மிச்சத்தை வாயில் வைத்தார்.